வீட்டை விற்க சொசைட்டி தரும் கடிதம்

செம்பூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்துவிட்டு, பணி ஓய்வுக்குப் பிறகு கோவைக்குக் குடிபெயர்ந்த ஒரு தம்பதியை மனதில் வைத்துக்கொள்வோம். மும்பைத் தமிழர் குடும்பங்களில் இப்படி ஊர் திரும்பியவர்கள் பலர் உண்டு. பூட்டிக் கிடக்க வேண்டாமே என்று செம்பூர் ஃப்ளாட்டைப் பதினான்கு மாதம் வாடகைக்கு விட்டார்கள். இப்போது அதை விற்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல விலைக்கு ஆள் வந்தாயிற்று, டோக்கன் பணமும் கைமாறிவிட்டது. அந்த நேரத்தில் வாங்குபவருக்கு வீட்டுக்கடன் தரும் வங்கியிலிருந்து ஒரு கோரிக்கை வருகிறது: "சொசைட்டி என்ஓசி வேண்டும். எங்கள் படிவத்திலேயே வேண்டும்."

செயலாளருக்கு போன் போடுகிறார் விற்பவர். மறுமுனையில் இருப்பவரும் தமிழர்தான், பல வருடப் பழக்கம். "தந்துடலாம் சார். கொஞ்சம் பாக்கி இருக்கு. கமிட்டில பேசிட்டுச் சொல்றேன்" என்கிறார். பாக்கி எவ்வளவு, எப்போது பேசுவார்கள் என்பதற்குப் பதில் இல்லை. வாரங்கள் ஓடுகின்றன. வாங்குபவரின் கடன் ஒப்புதலுக்கு ஒரு கெடு தேதி இருக்கிறது. அது நெருங்க நெருங்க, எவ்வளவு கேட்டாலும் கொடுத்துவிட்டு வேலையை முடிக்கலாம் என்ற மனநிலைக்கு விற்பவர் வந்துவிடுகிறார். வீடு விற்பதில் பலர் பணத்தையும் நிம்மதியையும் இழப்பது இந்தக் கட்டத்தில்தான்.

இந்தக் கடிதத்தை எப்படிக் கேட்பது, அதற்கு முன் நிலுவைக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது, எவ்வளவு கட்டலாம், எதைக் கட்ட வேண்டியதில்லை என்பதற்கெல்லாம் மகாராஷ்டிரத்தில் தெளிவான விதிகள் இருக்கின்றன. தெரிந்துவைத்திருப்பவர்கள்தான் குறைவு.

சங்கத்துக்கு ஏன் இந்த உரிமை?

சென்னையில் ஃப்ளாட் வாங்கிப் பழகியவர்களுக்கு முதலில் ஒரு வேறுபாடு விளங்க வேண்டும். சென்னையில் ஃப்ளாட் வாங்கும்போது, அந்த மனையில் பிரிக்கப்படாத பாகத்தை, அதாவது யூடிஎஸ்ஸை, உங்கள் பெயருக்குப் பத்திரம் பதிந்து தருகிறார்கள். அங்கே குடியிருப்போர் சங்கம் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் அமைப்புதான். மும்பையின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் அப்படிப்பட்டதல்ல. கட்டுமான நிறுவனம் உரிமை மாற்றிக் கொடுத்த பிறகு, நிலமும் கட்டடமும் சங்கத்தின் பெயரில்தான் இருக்கும். குடியிருப்பவர் அந்தச் சங்கத்தில் பங்குகள் வைத்திருக்கும் உறுப்பினர். அந்தப் பங்குகளோடு சேர்ந்து வருவதுதான் குறிப்பிட்ட ஃப்ளாட்டை அனுபவிக்கும் உரிமை. இந்த ஏற்பாடு மும்பைக்குப் புதிதல்ல. காம்தேவியில் சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் 1915-இலேயே தொடங்கிவிட்டது.

கோடிக்கணக்கில் விலை போகும் வீட்டுக்குச் சங்கம் தந்திருக்கும் ஆவணம் ஒற்றைத் தாள்தான், பங்குச் சான்றிதழ். பழைய சங்கங்களில் அதில் ஐம்பது ரூபாய்ப் பங்கு ஐந்து என்றோ பத்து என்றோ அச்சிட்டிருக்கும். அதன் பின்பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. வீடு கைமாறும்போதெல்லாம் புது உறுப்பினரின் பெயரை அங்கே எழுதி, சங்க நிர்வாகிகள் கையெழுத்திட்டு முத்திரை வைப்பார்கள். விற்பனைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானாலும், இந்தக் கட்டத்தில் பெயர் ஏறும்வரை சங்கத்தின் கணக்கில் பழைய உறுப்பினர்தான் உறுப்பினர்.

சரி, விற்பதற்குச் சங்கத்தின் அனுமதி வேண்டுமா? பலரும் வேண்டும் என்றே நினைக்கிறார்கள். மகாராஷ்டிர அரசின் மாதிரித் துணைவிதிகள் வேறு மாதிரி சொல்கின்றன. பெரும்பாலான சங்கங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் அந்த விதிகளில் 38-வது விதி, பங்கையும் உரிமையையும் மாற்றுவதற்குச் சங்கத்தின் ஆட்சேபணையின்மைச் சான்று தேவையில்லை என்று நேராகவே சொல்கிறது. விற்பவருக்கோ வாங்குபவருக்கோ அப்படி ஒரு சான்று தேவைப்பட்டால் விண்ணப்பிக்கலாம், ஒரு மாதத்துக்குள் நிர்வாகக் குழு அதைத் தகுதியின்படி பரிசீலிக்க வேண்டும் என்பது அதே விதியின் தொடர்ச்சி.

சட்டம் கட்டாயமாகக் கேட்பவை இரண்டு. மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் 2019-இல் வீட்டுவசதிச் சங்கங்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள். அதில் 154பி-7 பிரிவின்படி, சங்கத்துக்குத் தர வேண்டிய பாக்கி தீர்ந்திருக்க வேண்டும், வாங்குபவர் முறைப்படி விண்ணப்பித்து உறுப்பினராக வேண்டும். இவை நடந்தால்தான் உரிமை மாற்றம் செல்லும். வாரிசுக்கோ நியமனதாரருக்கோ போகும் வீடுகளுக்கு இந்தப் பிரிவில் விலக்கு உண்டு.

ஆக, அந்தத் தம்பதியின் கடிதத்தைக் கேட்பது சட்டமல்ல, வங்கி. வங்கிக்கு அது தேவைப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. விற்பவர் உண்மையிலேயே உறுப்பினர்தானா, அந்தப் பங்கின் மேல் வேறு வங்கியின் அடமானம் ஏறியிருக்கிறதா, பாக்கி உண்டா என்பதெல்லாம் சங்கத்தின் பதிவேட்டில்தான் இருக்கும். கடன் கொடுத்த பிறகு அந்தப் பதிவேட்டில் தன் பெயரும் அடமானதாரராக ஏற வேண்டும் என்று வங்கி எதிர்பார்க்கும்.

முதலில் கணக்கு

செயலாளரிடம் கடிதம் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இன்றைய தேதி வரையிலான நிலுவைப் பட்டியல், எழுத்தில், தலைப்புவாரியாக. மொத்தத் தொகையை மட்டும் வாயால் சொன்னால் அது சரியா தவறா என்று பார்க்க வழியே இல்லை. தலைப்புவாரியாகக் கையில் வந்தால், பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தவரே சரிபார்த்துவிடலாம்.

நம் தம்பதிக்கு வந்த பட்டியலை எடுத்துக்கொள்வோம். மாத பில் 4,500 ரூபாய். அதில் சேவைக் கட்டணம் 2,000, சொத்து வரி 800, தண்ணீர் 350, பழுதுபார்ப்பு நிதியும் சிங்கிங் ஃபண்டும் சேர்ந்து 700, லிஃப்ட் 250, வண்டி நிறுத்த 400. இந்தச் சங்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு பில். நடப்புக் காலாண்டின் 13,500 ரூபாய் பட்டியலின் முதல் வரியில் இருக்கிறது. அதில் தகராறு ஏதுமில்லை.

இரண்டாவது வரியில் குடியிருக்காமைக் கட்டணம், மும்பைக்காரர்கள் நான்-ஆக்குபன்ஸி சார்ஜ் என்று சொல்வது. உறுப்பினர் தான் குடியிருக்காமல் வாடகைக்கு விட்டால் சங்கம் வசூலிக்கும் கூடுதல் தொகை இது. ஒரு காலத்தில் சங்கங்கள் இதை மனம்போனபடி வசூலித்தன. மகாராஷ்டிர அரசு 2001 ஆகஸ்ட் 1 அன்று உத்தரவு போட்டு, சேவைக் கட்டணத்தில் 10 சதவிகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று வரம்பு கட்டியது. தம்பதிக்கு வந்த பட்டியலில் மாதம் 450 ரூபாய் என்று பதினான்கு மாதத்துக்கு 6,300 போட்டிருக்கிறார்கள். 450 எங்கிருந்து வந்தது? மொத்த பில்லான 4,500-க்குப் பத்து சதவிகிதம் போட்டுவிட்டார்கள். சொத்து வரி, தண்ணீர், நிதிகள் எதுவும் இந்தக் கணக்கில் சேரக் கூடாது. 2,000 ரூபாய் சேவைக் கட்டணத்துக்குப் பத்து சதவிகிதம் 200. பதினான்கு மாதத்துக்கு 2,800. பொதுவாக நடக்கும் தவறு இது. எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது வரி, கட்டடத்துக்கு வெளிப்பூச்சு அடித்தபோது பொதுக்குழு தீர்மானித்த சிறப்புப் பங்களிப்பு. ஃப்ளாட்டுக்கு 36,000 ரூபாய். தம்பதி இரண்டு தவணையில் 24,000 கட்டினார்கள். அதற்குள் ஊர் மாறிவிட்டதால் மூன்றாவது தவணை விட்டுப்போயிற்று. இருபது மாதமாக 12,000 பாக்கி. அந்தத் தொகையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நான்காவது வரி அந்தப் பாக்கிக்கான வட்டி: 4,977 ரூபாய். இங்கே கவனம் வேண்டும். மாதிரித் துணைவிதிகள் பாக்கிக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 21 சதவிகிதம் வரை வட்டி போட அனுமதிக்கின்றன, ஆனால் அது தனிவட்டி. எத்தனை சதவிகிதம் என்று பொதுக்குழு முடிவு செய்திருக்க வேண்டும், 21 என்பது மேல்வரம்புதான். இந்தச் சங்கத்தில் பொதுக்குழு 21 என்றே தீர்மானித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 12,000 ரூபாய்க்கு இருபது மாதத் தனிவட்டி 4,200 ரூபாய்தான் வரும். 4,977 எப்படி வந்தது? கணக்கு எழுதும் மென்பொருளில் மாதாமாதம் வட்டிக்கு வட்டி போடும்படி வைத்திருக்கிறார்கள். மாதம் 1.75 சதவிகிதம் என்று கூட்டுவட்டி போட்டால் இருபது மாதத்தில் சரியாக 4,977-தான் வரும்.

பட்டியலின் கூட்டுத்தொகை 36,777. திருத்திய கணக்கில் 13,500, 2,800, 12,000, 4,200 சேர்ந்து 32,500. வித்தியாசம் 4,277 ரூபாய்.

ஒரு வீட்டின் விலையில் நாலாயிரம் பெரிய தொகையா என்று தோன்றலாம். தம்பதி இந்தக் கணக்கை எழுதிக்காட்டுவது பணத்துக்காக மட்டுமல்ல. சங்கம் திருத்திய பட்டியலைத் தந்துவிட்டால், பாக்கி இவ்வளவுதான் என்று இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டதாகிறது. பிறகு அதைக் கட்டியதும், "இன்னும் ஏதோ இருக்கிறதே" என்று கடிதத்தை நிறுத்திவைக்க இடமிருக்காது. சங்கம் திருத்த மறுத்தால்? கெடு நெருங்குகிறது என்றால், ஒப்புக்கொண்ட 32,500-ஐயும் சர்ச்சைக்குரிய 4,277-ஐயும் தனித்தனியாகக் கட்டலாம். இரண்டாவது தொகையோடு, எதிர்ப்பைப் பதிவு செய்தே இதைக் கட்டுகிறேன், திரும்பக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு என்று ஒரு கடிதமும் போக வேண்டும். விற்பனை நிற்காது, வழக்கும் கைவிட்டுப் போகாது.

பணத்தைக் காசோலையாகவோ வங்கி மாற்றமாகவோ கட்டி, எண்ணிட்ட ரசீது வாங்க வேண்டும். யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்குப் போட்ட பணத்தைச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

இருபத்தைந்தாயிரமும் நன்கொடையும்

நிலுவை வேறு, மாற்றுக் கட்டணம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசும்போதுதான் குழப்பம் வருகிறது.

வீடு கைமாறும்போது சங்கம் மூன்று தொகைகளை வாங்கலாம். மாற்றுக் கட்டணம் 500 ரூபாய். வாங்குபவரிடம் நுழைவுக் கட்டணம் 100 ரூபாய். இவற்றோடு பிரீமியம். பிரீமியம் எவ்வளவு என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யும், ஆனால் அதற்கும் அரசு வரம்பு உண்டு. 2001 ஆகஸ்ட் 9 அன்று வந்த சுற்றறிக்கையின்படி மாநகராட்சிப் பகுதிகளில் அதிகபட்சம் 25,000 ரூபாய். சிறிய ஊர்களில் அது படிப்படியாகக் குறைந்து கிராமப் பஞ்சாயத்துகளில் 5,000 ஆகும். குடும்பத்துக்குள் மாற்றினால் பிரீமியம் கிடையாது. பிரீமியத்தை விற்பவர் தருவதா, வாங்குபவர் தருவதா, பாதிப் பாதியா என்பதை இரு தரப்பும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. எழுதாமல் விட்டுக் கடைசி நாளில் முகம் சுளித்துக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய.

நம் தம்பதிக்கு வந்த நிலுவைப் பட்டியலில் இல்லாத ஒரு தொகையைச் செயலாளர் போனில் சொன்னார்: கட்டட நிதிக்கு ஒரு லட்சம். "எல்லாரும் கொடுத்ததுதான் சார். இதுக்கு ரசீதுல டொனேஷன்னு போட்டுடலாம்." மும்பையில் வீடு விற்ற எவருக்கும் இது கேட்ட குரலாகவே இருக்கும். மாதிரித் துணைவிதிகள் இதற்கும் இடம் வைக்கவில்லை. மாற்றத்தின்போது பிரீமியத்துக்கு மேல் நன்கொடை என்றோ, வேறு நிதிக்குப் பங்களிப்பு என்றோ, எந்தப் பெயரிலும் விற்பவரிடமோ வாங்குபவரிடமோ வசூலிக்கக் கூடாது என்று எழுதிவைத்திருக்கின்றன. விருப்பப்பட்டுத் தருவது வேறு. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது விருப்ப நன்கொடை ஆகாது.

இதற்குச் சண்டை தேவையில்லை, ஒரு வரிக் கடிதம் போதும்: "இந்தத் தொகை எந்தப் பொதுக்குழுத் தீர்மானத்தின் கீழ், எந்தத் துணைவிதியின் கீழ் கோரப்படுகிறது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்." போனில் எளிதாகக் கேட்கப்படும் தொகையைச் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட எந்த நிர்வாகியும் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார். அதை எழுதினால், துணைப் பதிவாளரிடம் காட்ட அதுவே ஆதாரமாகிவிடும்.

விண்ணப்பத்தில் என்ன இருக்க வேண்டும்

விற்பனைக்கு முன் சங்கத்துக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பதும் 38-வது விதியில் உள்ளது. அதற்கென்று சங்கத்தில் படிவம் உண்டு. வாங்குபவரின் சம்மதக் கடிதத்தையும் அதோடு இணைக்க வேண்டும். என்ஓசி விண்ணப்பத்தையும் அன்றைக்கே கொடுத்துவிட்டால், ஒரு மாதக் கெடு அன்றே ஓடத் தொடங்கிவிடும். மும்பைச் சங்கங்களில் கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்திலோ மராத்தியிலோ நடக்கும். எந்த மொழியில் எழுதினாலும் சாரம் இதுதான்:

"எங்கள் பெயரில் உள்ள ஃப்ளாட் எண் …, பங்குச் சான்றிதழ் எண் …, பங்கு எண்கள் … முதல் … வரை. இதை … என்பவருக்கு விற்க ஒப்புக்கொண்டுள்ளோம். தாங்கள் … தேதியிட்டுத் தந்த பட்டியலின்படி நிலுவை முழுவதையும் … தேதியில் கட்டிவிட்டோம், ரசீது நகல் இணைப்பில். வாங்குபவர் … வங்கியில் கடன் பெறுவதால், இணைத்துள்ள வங்கிப் படிவத்தில் ஆட்சேபணையின்மைக் கடிதம் தரும்படி வேண்டுகிறோம். துணைவிதி 38-இன்படி ஒரு மாதத்துக்குள் முடிவைத் தெரிவிக்கக் கோருகிறோம்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சங்க அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். ஒரு மாதம் எந்த நாளிலிருந்து என்பதற்கு அந்த முத்திரையே சாட்சி.

பங்குச் சான்றிதழில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவருமே கையெழுத்திட வேண்டும். அவர்களில் ஒருவர் காலமாகி, பெயர் மாற்றாமல் விட்டிருந்தால், விற்பனைக்கு முன் அந்த வேலையை முடிக்க வேண்டும். அதற்கு ஆகும் காலத்தை விற்பனை ஒப்பந்தத்தின் கெடுவில் சேர்த்துக்கொள்ளாதவர்கள்தான் பின்னால் தவிக்கிறார்கள். அதேபோல, விற்பவரே எப்போதோ வீட்டுக்கடன் வாங்கி அடைத்திருந்தாலும், அந்த வங்கியின் அடமானக் குறிப்பு சங்கப் பதிவேட்டில் அப்படியே இருக்கக்கூடும். கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதத்தைச் சங்கத்தில் கொடுத்து அந்தக் குறிப்பை நீக்காவிட்டால், புது வங்கிக்குச் சங்கத்தால் சுத்தமான கடிதம் தர முடியாது.

கடிதம் வந்ததும் படிக்க வேண்டிய வரிகள்

கடிதம் கைக்கு வந்த மகிழ்ச்சியில் மடித்து உறைக்குள் போட்டுவிடக் கூடாது. சங்கத்தின் பெயரும் பதிவு எண்ணும் தலைப்பில் இருக்கின்றனவா, பங்குச் சான்றிதழின் எண்ணும் உறுப்பினர் பெயரின் எழுத்துகளும் ஆவணங்களோடு பொருந்துகின்றனவா, நிர்வாகக் குழு எந்தத் தேதிக் கூட்டத்தில் முடிவெடுத்தது என்று குறிப்பிட்டிருக்கிறதா, பொறுப்பில் இருக்கும் நிர்வாகிகள் கையெழுத்திட்டு முத்திரை இட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பதவிக்காலம் முடிந்த நிர்வாகியின் கையெழுத்தை வங்கி திருப்பி அனுப்பிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நிலுவை பற்றிய வரி. "நிலுவை ஏதுமில்லை" என்று மொட்டையாக எழுதியிருந்தால் போதாது. எந்தத் தேதி வரை என்று இருக்க வேண்டும். தம்பதியின் கடிதத்தில் "ஜூன் 30 வரை" என்று இருக்கிறது. வங்கி நடைமுறைகள் முடிந்து சாவி கைமாறுவது ஆகஸ்ட் கடைசியில் என்றால், ஜூலை தொடங்கும் காலாண்டின் பில் அதற்குள் வந்துவிடும். சங்கத்தின் கணக்கில் உறுப்பினர் இன்னும் பழையவர்தான், பில்லும் அவர் பெயரில்தான் வரும். ஆகவே சாவி ஒப்படைக்கும் நாள் வரை விற்பவர் பொறுப்பு, அன்றிலிருந்து வாங்குபவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு, அந்த இரண்டு மாதத்துக்கான 9,000 ரூபாயை விற்பவர் சாவியோடு சேர்த்துத் தீர்ப்பதுதான் சுத்தமான வழி. இல்லாவிட்டால், பங்கு மாற்றும் நாளில் பழைய பாக்கி என்று ஒன்று மறுபடி முளைத்து, அப்போது ஊரில் இல்லாதவரைத் தேட வேண்டியிருக்கும்.

இந்தக் கடிதம் எதைச் சொல்லாது என்பதும் வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். பட்டா, பத்திர வரலாறு, வழக்கு விவகாரங்களுக்கு இது உத்தரவாதம் அல்ல. அதற்கு வழக்கறிஞர் வழியாகப் பதிவு அலுவலகத்தில் தேடுதல் அறிக்கை எடுக்க வேண்டும். மின்சாரமும் குழாய் எரிவாயுவும் தனித்தனிக் கணக்குகள், சங்கத்தின் பட்டியலில் வராது. வண்டி நிறுத்துமிடம் சங்கம் ஒதுக்கித் தருவது, உறுப்பினர் விற்கக்கூடியது அல்ல. ஃப்ளாட்டோடு பார்க்கிங்கும் உண்டு என்று விற்பவர் சொன்னதை நம்பி விலை பேசியவர், சங்கத்திடம் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். நிலம் அரசு கொடுத்ததாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதியும், நவி மும்பையில் சிட்கோவின் குத்தகை நிலமாக இருந்தால் சிட்கோவின் மாற்று அனுமதியும் தனியாக வேண்டியிருக்கும். சங்கத்தின் கடிதம் அவற்றுக்கு ஈடாகாது.

மறுத்தால், இழுத்தடித்தால்

பாக்கி இருக்கிறது என்பது சங்கம் சொல்லக்கூடிய நியாயமான காரணம். மேல்வீட்டுக்காரரோடு கசிவுத் தகராறு, நிர்வாகக் குழுத் தேர்தலில் எதிரணியில் நின்றது, வாங்குபவர் அசைவம் சாப்பிடுகிறார் என்பதெல்லாம் நியாயமான காரணங்கள் அல்ல. ஒரு விலக்கை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட சமூகத்தாருக்கென்றே துணைவிதிகளை வகுத்துப் பதிந்த சங்கங்களும் உண்டு. அகமதாபாத்தில் பார்சிகளுக்கான ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அப்படிப்பட்ட விதியை உச்ச நீதிமன்றம் 2005-இல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதனால், வாங்குபவரோடு விலை பேசும் முன்னரே சங்கத்தின் பதிவு செய்த துணைவிதிகளை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு மாதம் கடந்தும் பதில் இல்லையென்றால், முத்திரையிட்ட விண்ணப்ப நகல், ரசீதுகள், நிலுவைப் பட்டியல் ஆகியவற்றோடு கூட்டுறவுச் சங்கங்களின் துணைப் பதிவாளரிடம் புகார் தரலாம். மும்பையில் வார்டுவாரியாக இந்த அலுவலகங்கள் இருக்கின்றன. வாங்குபவரின் உறுப்பினர் விண்ணப்பத்துக்கு இன்னும் வலுவான பாதுகாப்பு உண்டு. விண்ணப்பம் கிடைத்து மூன்று மாதத்துக்குள் சங்கம் முடிவைத் தெரிவிக்காவிட்டால், அவர் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டதாகவே சட்டம் கருதும். காரணமின்றி மறுத்தால் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். என்றாலும் இந்த வழிகள் வங்கியின் கெடுவைவிட மெதுவாகவே நகரும். அதனால்தான் கணக்கை முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் தீர்த்துக்கொள்வது இவ்வளவு முக்கியமாகிறது. வாங்குபவரைத் தேடத் தொடங்கும் நாளிலேயே நிலுவைப் பட்டியலைக் கேட்டிருந்தால், நம் தம்பதிக்கு அந்தப் பதற்றமான வாரங்களே வந்திருக்காது.

அவர்களின் வேலை கடிதத்தோடு முடியவும் இல்லை. பத்திரம் பதிவானதும், முத்திரைத்தாள் கட்டிய ஒப்பந்தத்தின் நகல், மாற்று விண்ணப்பம், பழைய உறுப்பினரின் விலகல் கடிதம், புது உறுப்பினரின் விண்ணப்பம், அசல் பங்குச் சான்றிதழ், கட்டணங்கள் எல்லாம் ஒரே கோப்பாகச் சங்கத்துக்குப் போகின்றன. நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் அது வைக்கப்படுகிறது. சில வாரம் கழித்துக் கோவையில் இருப்பவர்களின் போனுக்கு வாங்கியவரிடமிருந்து ஒரு படம் வருகிறது: பங்குச் சான்றிதழின் பின்பக்கம், அவர்கள் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர், தேதி, மூன்று கையெழுத்து, ஊதா முத்திரை. 32,500 ரூபாய்க்கான ரசீதை அவர்கள் தங்கள் கோப்பிலேயே வைத்திருக்கிறார்கள்.